சம்பளமில்லாத இடத்தில் சாட்டையும் வேண்டாம்



அரசு மருத்துவமனையில் நோயாளிகளோடு தங்கியிருக்கும் உறவினர்களுக்கு நம் சபை சனிக்கிழமைதோறும் மதிய உணவு கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். அந்த வேலையைக் குறித்து இவ்வாரம் எழுதுகிறேன். உணவைக் குறித்து அல்ல. அதைச் சமைக்க வருகிறவர்களைக் குறித்தும், அவர்களை நான் நடத்திய விதத்தைக் குறித்தும். இதில் என் தவறுகளே அதிகம் இருப்பதால், எழுதுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போட்டேன்.

கடந்த ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை ஆறு மணிக்குச் சமையற்கூடத்தில் மூன்று பேர் மட்டும் நின்றோம். பட்டியலில் இருந்தவர்கள் பதினான்கு பேர். நூற்றிருபது பேருக்குச் சாம்பார் சாதம் செய்ய வேண்டும்: பன்னிரண்டு கிலோ அரிசி, நான்கு கிலோ பருப்பு, அதற்கேற்ற காய்கறி. வெங்காயத்தை நானும் உரித்தேன். வழக்கமாகப் பன்னிரண்டரை மணிக்கு மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டிய வண்டி, அன்று ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கமாய் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் காத்திருந்துவிட்டு, வார்டுக்குள் திரும்பிப் போயிருந்தார்கள். கையில் தூக்குச் சட்டியோடு தூணோரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், "இன்னைக்கு வரமாட்டீங்கன்னு நெனச்சேன்யா" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

மறுநாள் ஆராதனையில் நான் என்ன செய்தேன் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கர்த்தருடைய வேலையை அசட்டையாய்ச் செய்கிறவனைக் குறித்து எரேமியா 48-ஆம் அதிகாரம் பத்தாம் வசனத்தில் வரும் கடுமையான வார்த்தையை எடுத்து, அரைமணி நேரம் பேசினேன். பெயர் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பதினோரு முகங்கள் குனிந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். பிரசங்கம் பலித்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அதற்கடுத்த வாரம் பதினொருவர். பின்பு எட்டு. நான்காம் வாரம் ஐந்து. அந்த ஐந்து பேரில் இருவர், வராதவர்களைக் குறித்து என்னிடம் கசப்பாகப் பேசினார்கள். கசப்பு அதற்கு முன் அந்தச் சமையற்கூடத்தில் இருந்ததில்லை.

முதலில் அந்த வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அதிகாரம் மோவாப் தேசத்தின்மேல் வரவிருக்கும் அழிவைப் பற்றியது. அங்கே சொல்லப்படுகிற "வேலை" யுத்தம். அதே வசனத்தின் பிற்பகுதி பட்டயத்தைப் பற்றிப் பேசுகிறது. பாத்திரம் கழுவ வராத சகோதரியின்மேல் பிரயோகிக்க அது எழுதப்படவில்லை. இதை வேதாகமக் கல்லூரியில் படித்திருந்தும் அன்று மறந்துபோனேன். கோபமாய் இருக்கிற போதகருக்கு வசனத்தின் சந்தர்ப்பம் கண்ணில் படுவதில்லை.

ஆனால் என் தவறு வசனத்தோடு முடியவில்லை. சம்பளம் கொடுக்கிற இடத்தில் அதிகாரிக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன: கொடுப்பது, பிடித்தம் செய்வது. சபையில் அவை இரண்டும் இல்லை. அந்த வெற்றிடத்தை நாம் சும்மா விடுவதில்லை; குற்ற உணர்வால் நிரப்புகிறோம். "தேவனுக்கு என்ன பதில் சொல்வாய்?" என்ற கேள்வி, மாதக் கடைசியில் சம்பளத்தைப் பிடித்தம் செய்வதைவிடக் கொடியது. பிடித்தம் அந்த மாதத்தோடு முடியும்; இந்தக் கேள்வி மனிதனோடு வீட்டுக்குப் போகும். அது சில வாரங்கள் ஆட்களைக் கொண்டுவருவதும் உண்மைதான். ஆனால் குற்ற உணர்வால் வருகிறவன், வந்து நின்றவுடன் கடனைத் தீர்த்துவிட்டதாக உணர்கிறான். வேலை முடிந்ததா என்பது அவனுக்குப் பொருட்டல்ல. வந்த பதினாறு பேரில் பலர் பத்து மணிக்கே கிளம்பிப் போனதற்குக் காரணம் அதுவே என்று இப்பொழுது விளங்குகிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குச் சம்பளம் உண்டு. சனிக்கிழமை சமையற்கூடத்தில் நிற்கிற நேரமும் என் ஊழியத்தின் பகுதிதான். வாரம் ஆறு நாள் கடையிலோ பள்ளியிலோ பேருந்திலோ உழைத்துவிட்டு, ஏழாம் நாளுக்கு முந்தின காலையையும் கொண்டுவந்து கொடுக்கிறவர்களை, அதற்காகவே படி வாங்குகிற நான் கடிந்துகொள்கிறேன். அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நெகேமியா தனக்கு உரிமையான அதிபதியின் படியைப் பன்னிரண்டு ஆண்டுகள் வாங்கவில்லை என்றும், தன் வேலைக்காரரையும் அலங்க வேலைக்கே அனுப்பினான் என்றும் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவன் ஏன் அதைக் கணக்காக எழுதிவைத்தான் என்பது இளவயதில் எனக்கு விளங்கவில்லை. சற்றுப் பெருமையாகக்கூடத் தோன்றியது.

பிரசங்கம் தோற்றபின் சபைக் கமிட்டியில் வேறு யோசனை வந்தது. தாமதமாய் வருகிறவர்கள் ஐம்பது ரூபாய் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பணம் எண்ணெய்ச் செலவுக்கு. யாருக்கும் வலிக்காத தொகை, நல்ல காரியத்துக்கும் ஆகும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். இரண்டாம் வாரமே வாலிபர் ஒருவர் ஏழு பத்துக்கு வந்தார். நேரே பெட்டியண்டை போய் நோட்டைப் போட்டுவிட்டு, "கணக்கு சரியாப் போச்சு ஐயா" என்று சிரித்தார். கேலி ஒன்றும் இல்லை. உண்மையாகவே கணக்கு முடிந்தது என்று எண்ணினார். அதற்கு முன்பு தாமதமாய் வந்தால் தலையைச் சொறிந்துகொண்டு, யாரும் கேளாமலே கடினமான வேலையை எடுத்துக்கொள்வார். அந்த வெட்கத்தை ஐம்பது ரூபாய்க்கு நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இஸ்ரவேல் நாட்டின் ஹைபா நகரில் யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் இருபது வாரம் ஓர் ஆய்வு நடத்தி, அதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாமதமாய் வருகிற பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. அதுவரை, ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற சங்கடம் பெற்றோரை ஓடிவர வைத்தது. அபராதம் வந்தபின் தாமதம் விலை கொடுத்து வாங்கக்கூடிய பொருளாயிற்று. நம்மைப் பயமுறுத்த வேண்டிய பகுதி இனிதான் வருகிறது: சில வாரங்களுக்குப்பின் அபராதத்தை நீக்கியும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. ஒருமுறை விலை குறித்துவிட்டால், குறிப்பை அழித்தாலும் அது விலையுள்ள பொருளாகவே நிற்கிறது. நாங்களும் பெட்டியை ஐந்தாம் வாரம் எடுத்துவிட்டோம். அந்த வாலிபரின் ஏழு பத்து மட்டும் ஏழு பத்தாகவே நெடுநாள் இருந்தது.

பின்பு மறுபுறமாய் முயன்றோம். தூரத்திலிருந்து வரும் இருவருக்கு ஆட்டோ செலவுக்கென்று நூறு ரூபாய் கொடுக்கத் தொடங்கினோம். செலவைத் திருப்பிக் கொடுப்பதில் தவறில்லை, கொடுக்கவும் வேண்டும். ஆனால் டிக்கெட்டோ கணக்கோ கேளாமல், எல்லோர் கண்முன்னும், வேலை முடிந்தபின் கையில் கொடுத்தோம். அது கூலி கொடுக்கிற சாயலாய் இருந்தது. வாங்கின சகோதரிகளுள் ஒருவர் மூன்றாம் வாரம் வரவில்லை. பின்னொரு நாள் அவர், "நூறு ரூபாய்க்கு நான் வர்றேன்னு பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க ஐயா" என்றார். மேலே சொன்ன அறிஞர்கள் இருவரும் பள்ளி மாணவர்களைக்கொண்டு நடத்திய வேறொரு சோதனையும் உண்டு. வீடு வீடாய்ப் போய்த் தருமத்துக்கு நன்கொடை திரட்டச் சொன்னார்கள். திரட்டியதில் நூற்றுக்கு ஒரு பங்கு கூலி பெற்றவர்களைவிட, ஒன்றும் பெறாதவர்களே அதிகம் திரட்டினார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு பெற்றவர்கள்கூட ஒன்றும் பெறாதவர்களை மிஞ்சவில்லை.

கூலி கொடுப்பது பாவம் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். 1780-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, கற்பித்த பெண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார். ஊதியமில்லாத ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்ற வழக்கம் பிற்பாடு வந்ததே. நம் சபைத் தோட்டியாரையும் காவல்காரரையும் "கர்த்தருக்காகச் செய்யுங்கள்" என்று சொல்லிச் சம்பளம் குறைப்பது அநியாயம். கூலி என்றால் நியாயமான கூலி. இல்லையென்றால் கூலியின் சாயலே வேண்டாம். நடுவில் நிற்கிற நூறு ரூபாய்தான் இரண்டையும் கெடுக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வராமல் நின்றுவிட்ட ஒன்பது பேரின் வீட்டுக்குப் போனேன். "ஏன் வரவில்லை?" என்று கேட்கவில்லை, அந்தக் கேள்விக்கு எல்லோரும் உடல்நலத்தைத்தான் காட்டுவார்கள். "கடைசியாக வந்த சனிக்கிழமை, காலையிலிருந்து வீடு திரும்பும் வரை என்னென்ன செய்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஒன்பது வீடுகளில் காப்பி குடித்து முடித்தபோது படம் தெளிவாயிற்று.

ஆறு மணிக்கு எல்லோரும் வர வேண்டும் என்பது நான் போட்ட ஒழுங்கு. ஆனால் ஆறு மணிக்கு அடுப்பண்டை மூன்று பேருக்கும், காய் நறுக்க நான்கு பேருக்கும் மட்டுமே வேலை இருந்தது. மற்றவர்கள் பொட்டலம் கட்டுகிற பதினோரு மணி வரை நின்றார்கள். ஐந்து மணி நேரம் சும்மா நிற்க வைக்கப்பட்ட மனிதன், தன்னைத் தேவையில்லை என்று புரிந்துகொள்கிறான். அவன் சோம்பேறியாய் இருந்ததால் நிற்கவில்லை. நிற்க வைத்ததால் போனான். ஆசிரியராய் இருக்கிற ஒரு சகோதரர், "என்ன செய்யணும்னு கேட்டா, 'இருங்க சொல்றேன்'னு சொல்லுவாங்க. மூணு வாரம் இருந்து பாத்தேன் ஐயா" என்றார்.

மறுபுறத்தில், அண்டாக்களைக் கழுவுவது யாருடைய வேலை என்று ஒருபோதும் சொல்லப்படவில்லை. வண்டி கிளம்பியதும் எல்லோரும் அதோடு கிளம்பினார்கள், அல்லது வீட்டுக்குப் போனார்கள். அடிப்பிடித்த இரண்டு அண்டாக்களும் கரண்டிகளும் தட்டுகளும் எப்பொழுதும் அதே இரண்டு சகோதரிகளிடம் மிஞ்சின. அவர்கள் வீடு போய்ச் சேர மூன்றரை மணி ஆகும். அவர்கள் முறையிடவில்லை. முதலில் ஒருவர் நின்றார், பின்பு மற்றவர். அவர்கள் நின்ற பிறகு கழுவுகிற வேலை இன்னும் இருவர்மேல் விழுந்தது. ஆறு வாரத்தில் அவர்களும் நின்றார்கள். வருகைப் பட்டியலை எடுத்துத் தேதிவாரியாய்ப் பார்த்தபோது, ஆட்கள் விலகியது அந்த அண்டாக்களைப் பின்தொடர்ந்தே நடந்திருந்தது. நான் அதைப் பக்திக் குறைவு என்று பிரசங்கித்திருந்தேன்.

நம் ஊர் அசனத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை, இரவு முழுக்க, ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கிறோம். ஆள் வரவில்லை என்று எந்த ஆண்டும் அறிவிப்புக் கொடுத்ததில்லை. அதே மக்கள்தான். ஆனால் அசனத்தில் இன்ன தெருவார் காய்கறி, இன்ன குடும்பம் அடுப்பு, இன்னார் பந்தி என்று தாத்தா காலத்திலிருந்து பங்கு இருக்கிறது. மறுநாள் காலையில் முடிந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை உணவுக்குப் பங்கும் இல்லை, முடிவும் இல்லை. பெயர் கொடுத்தவர் சாகும்வரை வர வேண்டும், அல்லது ஒரு நாள் ஒளிந்துகொள்ள வேண்டும். "நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு நான் வாசல் வைக்கவில்லை. ஆகையால் சுவரேறிப் போனார்கள்.

நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை நாம் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப்போகிறோம். நிதானமாய் வாசித்தால் அது வேலைப் பங்கீடு. எந்த வாசல் முதல் எந்தக் கோபுரம் வரை யார் என்று ஒவ்வொரு துண்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. பலர் தங்கள் வீட்டுக்கு எதிரான அலங்கத்தையே கட்டினார்கள். தன் வாசலுக்கு எதிரே பொத்தல் இருந்தால் இரவில் யாருக்குத் தூக்கம் வரும்? தெக்கோவாவின் பெரியவர்கள் தங்கள் கழுத்தை வேலைக்குக் கொடுக்கவில்லை என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நெகேமியா அவர்களைப் பிடித்திழுத்ததாக எழுதவில்லை. அந்த ஊரின் சாதாரண ஜனங்கள் தங்கள் பங்கை முடித்து, இருபத்தேழாம் வசனத்தில் இரண்டாம் பங்கையும் கட்டுகிறார்கள். நான்காம் அதிகாரத்தில் அலங்கம் பாதி உயர்ந்தபின்பே சுமைகாரரின் பெலன் குறைகிறது. மண்மேடு மிச்சமிருக்கிறது என்று சலிக்கிறார்கள். தொடக்கத்திலும் அல்ல, முடிவிலும் அல்ல, பாதியில். நம் அண்டாக்களும் அப்படிப்பட்ட மண்மேடுதான்.

ஆவணி மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் உணவை நிறுத்தினோம். மருத்துவமனை வாசலில் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தினோம். கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் வேலையைத் துண்டுகளாக எழுதினோம். நூற்றிருபது பேருக்குச் சமைக்க ஒரு வாரத்துக்குப் பதினெட்டு பேர் தேவை. வாரம் விட்டு வாரம் வருவதென்றால் இரண்டு குழுக்கள், முப்பத்தாறு பேர். நான்கு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி, ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டோம். மேடையிலிருந்து கேட்கவில்லை, மேடையிலிருந்து கேட்டால் யாரையும் கேட்கவில்லை என்றே பொருள். இருபத்தாறு பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதி பத்துப் பேரைக் கட்டாயப்படுத்திச் சேர்க்காமல், உணவை எண்பதாகக் குறைத்தோம்.

இதைக் குறித்துச் சிலர் இன்றும் என்னோடு வருத்தமாய் இருக்கிறார்கள். நாற்பது பேரின் உணவைக் குறைத்தோமே என்பது அவர்கள் கேள்வி. எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் நூற்றிருபது என்று சொல்லி ஒன்றே முக்காலுக்குப் போனபோது, பசியோடு திரும்பினவர்கள் நாற்பது பேருக்கும் மேல். எண்பது பேருக்குப் பன்னிரண்டரைக்குக் கொடுப்போம் என்று சொல்லி, பன்னிரண்டரைக்கே கொடுக்கிறோம். மற்றவர்கள் காத்திருந்து ஏமாறாமல் வேறிடம் பார்க்க முடிகிறது.

இப்பொழுது ஒரு குழுவில் பதின்மூன்று பேர். சரக்கு வாங்க ஒருவர், வெள்ளி இரவு காய் நறுக்க மூவர், அடுப்புக்கு இருவர், அவர்கள் மட்டுமே ஆறரைக்கு வருகிறார்கள், பொட்டலத்துக்கு மூவர், பத்தரைக்கு, வண்டியோடு போக இருவர், கழுவ இருவர். கழுவும் வேலை மட்டும் எவருக்கும் நிலையானதல்ல. குழு முழுவதும் முறைவைத்துச் சுற்றுகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என் முறை. முதல் நாள் நான் அண்டாவைத் தேய்த்தபோது கழுவியது போதாதென்று ஒரு சகோதரி மறுபடி எடுத்துத் தேய்த்தார். அதையும் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

வர இயலாதவர் புதன் இரவுக்குள் குழுவை ஒழுங்குபடுத்தும் சகோதரிக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. புதன் என்று வைத்ததற்குக் காரணம் வெள்ளியன்று சரக்கு வாங்குவது. இடையில் ஒரு நாள் இருந்தால் மாற்று ஆள் கிடைப்பார். வாட்சாப் குழுவில் எழுதக் கூடாது என்றும் சொன்னோம். ஒருவர் "வர முடியவில்லை" என்று எழுதினால், அதைப் பார்த்து இன்னும் இருவருக்குத் துணிவு வருகிறது. ஆறு பேர் கைகூப்பும் படம் போடுகிறார்கள். மாற்று ஆளை யாரும் தேடுவதில்லை. சொல்லாமல் வராதிருந்தால் அன்று மாலையே அந்தச் சகோதரி அழைத்து, நலமா என்று மட்டும் விசாரிப்பார். இரண்டாம் முறையும் நேர்ந்தால் நேரில் போய், இந்தப் பங்கு பொருந்துகிறதா, வேறு பங்கு வேண்டுமா, இந்தச் சுற்றில் ஓய்வு வேண்டுமா என்று மூன்றையும் கேட்பார். மூன்றாவதைச் சொல்லுகிறவருக்கு வருத்தமான முகம் காட்டக் கூடாது என்பது எங்கள் உடன்பாடு. எனக்குத்தான் அது கடினம்.

தளர்த்தாத ஒழுங்கும் உண்டு. சளி காய்ச்சல் உள்ளவர் சமையலையும் பொட்டலத்தையும் தொடக் கூடாது. வேறொருவர் ருசி பார்த்து, மணம் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அண்டா வண்டியேறக் கூடாது. மிஞ்சிய சாதத்தை மாலைக்கென்று வைக்கக் கூடாது. மற்றவர்கள் உடலுக்குத் தீங்கு வரக்கூடிய இடத்தில், "அன்பாய் வந்தவர்தானே" என்று விடுவதற்கில்லை. இவை மூன்றுதான், சுவரில் ஒட்டியிருக்கிறது. இருபது ஒழுங்குகள் இருந்தபோது எதை மீறினால் ஆபத்து என்று யாருக்கும் தெரியாதிருந்தது.

கடினமான ஒன்றைக் கடைசிக்கு வைத்தேன். தொடக்க நாள் முதல் தவறாமல் வந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அடுப்பண்டை அவர் கைப்பக்குவத்துக்கு இணையில்லை. ஆனால் இளையவர்களை எல்லோர் முன்னும் அதட்டுவார். நான் போன ஒன்பது வீடுகளில் நான்கில் அவர் பேச்சு வந்தது. சம்பளம் வாங்காதவரை எப்படி விலக்குவது? உண்மையுள்ளவரை எப்படி விலக்குவது? இந்தக் கேள்விக்குப் பின்னால் நான் ஓராண்டு ஒளிந்திருந்தேன். ஒருவர் இலவசமாய் வருகிறார் என்பதற்காக நான்கு பேரை இலவசமாய் இழந்துகொண்டிருந்தேன் என்பது கணக்குப் போட்டபின்தான் தெரிந்தது.

அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசினேன். பொதுவாய்ப் பேசாமல், இன்ன சனிக்கிழமை, இன்ன பையனிடம், இன்ன வார்த்தை என்று இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னேன். "வேலை கெடக் கூடாதுன்னுதான் ஐயா சத்தம் போட்டேன்" என்றார். அது உண்மை. ஒரு மாதம் பார்ப்போம் என்றோம். மூன்றாம் வாரம் மறுபடி நடந்தது. அப்பொழுது, "அண்ணாச்சி, குழுவாய் வேலை செய்கிற அடுப்பண்டை இனி உங்களை வைக்க முடியாது, வெள்ளிக்கிழமை சரக்கு வாங்கும் பங்கு இருக்கிறது, தனியாய்ச் செய்வது, எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் குடும்பமாய் ஆராதனைக்கு வரவில்லை. நான் ஐந்து முறை போனேன். இரண்டு முறை கதவு திறந்தது. அந்த நாட்களில் பவுலும் பர்னபாவும் மாற்குவைக் குறித்துப் பிரிந்த கதையை அதிகம் வாசித்தேன். விலக்கியவரும் அப்போஸ்தலர், சேர்த்துக்கொண்டவரும் அப்போஸ்தலர். பிற்காலத்தில் பவுலே மாற்குவை அழைத்துவரச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். யார் சரி என்று லூக்கா தீர்ப்பெழுதவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளி மாலை, அண்ணாச்சி சந்தையிலிருந்து இரண்டு பை முருங்கைக்காயோடு சமையற்கூட வாசலில் நின்றார். "விலை சரிஞ்சு கெடந்துச்சு, வாங்கிப் போட்டேன்" என்றார். இப்பொழுது சரக்கு அவர் பொறுப்பு. கிலோவுக்கு மூன்று நான்கு ரூபாய் குறைத்தே வாங்குகிறார். அடுப்பண்டை வருவதில்லை. அவர் மனதில் வருத்தம் முழுதும் ஆறியதா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

நடப்புச் சுற்று இம்மாதக் கடைசிச் சனிக்கிழமையோடு முடிகிறது. அன்று எல்லோருக்கும் பொறுப்பு முடிந்தது என்று பொருள். தொடர விரும்புகிறவர்கள் புதிதாகப் பெயர் கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றின் தாள் சமையற்கூடக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. பங்குகளும் நேரமும் அதில் உண்டு. இதுவரை பத்தொன்பது பெயர்கள் வந்திருக்கின்றன. இருபத்தாறு ஆகாவிட்டால் அறுபது பேருக்குச் சமைப்போம். மருத்துவமனை வாசலில் முந்தின வாரமே சொல்லிவிடுவோம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்